மாதம் அரை லிட்டர் எங்கே போகிறது? கலந்த கூலண்ட், போர் தண்ணீர், பழுப்புச் சேறு

கேள்வி: என்னுடையது 2014 மாடல் டீசல் கார், சேலத்தில் ஓடுகிறது. முதலில் பச்சை கூலண்ட் இருந்தது. எட்டு மாதமாக மாதம் அரை லிட்டர் குறைகிறது. வீட்டுப் போர் தண்ணீரையே ஊற்றி வந்தேன். போன மாதம் ஒரு கடையில் சிவப்பு கூலண்ட் அரை லிட்டர் ஊற்றினார்கள். இப்போது கூலண்ட் டேங்கில் பழுப்புச் சேறு. ஊருக்குள் சரியாக ஓடுகிறது, ஏற்காடு ஏறினால் சூடாகிறது. பச்சையும் சிவப்பும் கலந்ததால்தான் இப்படியா? மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். கழுவினால் போதாதா?

பழியைச் சிவப்பு கூலண்ட் மீது போடத் தோன்றும். கடைசியாக உள்ளே போனது அதுதான். ஆனால் நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் அதன் பங்கு மிகச் சிறியது. சேறு உண்டாக வழி செய்தது எட்டு மாதத் தண்ணீர். தண்ணீர் ஊற்ற வைத்தது எங்கோ இருக்கும் ஒரு கசிவு. கூலண்ட் மூடிய அமைப்புக்குள் சுற்றி வரும் திரவம். நல்ல நிலையில் இருக்கும் காரில் அது ஒரு வருடத்துக்கு டேங்கில் ஒரு விரற்கடை இறங்கினால் அதிகம். மாதம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது செலவு அல்ல, ஓட்டை. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டரை மாற்றினாலும் கழுவினாலும் அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு வருவீர்கள்.

முதலில் வண்ணத்தைப் பற்றி. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். திரவத்தில் ஏறக்குறைய பாதி எத்திலீன் கிளைக்கால், மீதி தண்ணீர். வண்டிக்கு வண்டி வேறுபடுவது அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள்தான். பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் விரைவாக ஒரு படலம் போட்டுக் காக்கும், இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புதிய வகையில் கரிம அமிலங்களின் உப்புகள் இருக்கும். அவை மெதுவாக வேலை செய்து ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. பழைய வகை பெரும்பாலும் பச்சையாகவும் புதியது சிவப்பு அல்லது ஆரஞ்சாகவும் வந்ததால், வண்ணமே வகை என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அது ஒரு காலத்துப் பழக்கம், விதி அல்ல. டொயோட்டா இளஞ்சிவப்பைப் பயன்படுத்துகிறது, ஹோண்டா நீலத்தை. கடையில் கிடைக்கும் பச்சை கேனில் எந்த வகையும் இருக்கலாம். எனவே ஒரே வண்ணத்தில் இரண்டு கேன்களைக் கலப்பதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

வேறு வேறு வகைகள் கலந்தால் என்ன ஆகும்? உறுதியாகச் சொல்லக்கூடியது இது: புதிய வகையின் நீண்ட ஆயுள் போய்விடும், கலவை முழுவதையும் இரண்டு வருடக் கூலண்ட்டாகவே கருத வேண்டும். சில சேர்க்கைகளில் சிலிக்கேட் திரவத்திலிருந்து பிரிந்து கூழ் போலாகும். வோக்ஸ்வேகன் தன் சிவப்பு ஜி12 கூலண்ட்டைப் பற்றி வாகனக் கையேட்டிலேயே எச்சரித்திருந்தது: டேங்கில் உள்ளது பழுப்பாகிவிட்டால் வேறு கூலண்ட் கலந்திருக்கிறது, உடனே மாற்றவும் என்று. ஆகவே கலப்பால் சேறு உண்டாவது கட்டுக்கதை இல்லை. ஆனால் ஒரே மாதத்தில், அரை லிட்டரால், ஏற்கெனவே நீர்த்துப்போன ஆறு லிட்டரில் அவ்வளவு சேறு வருவது அரிது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பச்சைச் சாயத்தில் சிவப்புச் சாயம் விழுந்தாலே பழுப்பாகத்தான் தெரியும். கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகவும் தெளிவாகவும் இருப்பது சாயக் கலப்பு; பழுப்பாகக் கலங்கி, அரைமணி நேரத்தில் அடியில் படிவது சேறு.

தண்ணீரின் கணக்குக்கு வருவோம். உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். சரியான எண் கையேட்டில் இருக்கும். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி கலவை. ஒவ்வொரு மாதமும் அரை லிட்டர் கலவை வெளியே போகிறது, அரை லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. அதாவது மாதந்தோறும் கிளைக்காலில் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைகிறது. எட்டு மாதம் கழித்து 50 சதவீதம் ஏறக்குறைய சரிபாதியாக, 25 சதவீதமாக ஆகிவிடும். துருத்தடுப்பு மருந்தும் அதே அளவு பாதியாகியிருக்கும். ஏற்கெனவே பழையதாக இருந்திருந்தால் பாதி கூட மிஞ்சியிருக்காது. பொதுவாக 30 சதவீதத்துக்குக் கீழே போனால் உலோகத்துக்குப் பாதுகாப்பு போதாது என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட கணக்கு. கடைக்காரர் ஊற்றிய அரை லிட்டர், அது தண்ணீர் கலந்து விற்கும் வகையாக இருந்தால், 25ஐ 27 ஆக்கியிருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு திரவமாகக் கசியும் வண்டிக்குத்தான் பொருந்தும். கூலண்ட் அமைப்பின் மூடி சரியாகப் பிடிக்காமல் ஆவியாகப் போகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் போகும், கிளைக்கால் உள்ளேயே தங்கிவிடும். அப்போது தண்ணீர் ஊற்றுவது கிளைக்கால் அளவைக் கெடுக்காது. ஆனால் ஊற்றிய தண்ணீரின் உப்பு முழுவதும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும்.

போர் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பலர் நினைப்பதிலிருந்து என் கருத்து சற்று மாறுபடும். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் வேறு நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்சம் அது. நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதையும் தாண்டும். எட்டு மாதத்தில் நீங்கள் ஊற்றியது 4 லிட்டர். எல்லா உப்பும் உள்ளேயே படிந்தாலும் 2.4 கிராம், ஏறக்குறைய அரை டீஸ்பூன். டேங்க் நிறையத் தெரியும் பழுப்புச் சேறு இந்த அரை டீஸ்பூனிலிருந்து வந்திருக்க முடியாது. அது துரு. உங்கள் டீசல் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து தீர்ந்த நீர் உட்சுவரைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. அளவு குறைந்து ஓடிய நாட்களில் காற்றும் உள்ளே கலந்திருக்கும், துருவுக்கு அது இன்னும் வசதி.

அதற்காக அந்த அரை டீஸ்பூனை அலட்சியம் செய்ய முடியாது. அது பரவலாகப் படிவதில்லை. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்பது போல, எங்கே சூடு அதிகமோ அங்கேதான் ஒட்டும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றிய பகுதி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்கு அளவுதான். மெல்லிய தோல் போல ஒட்டினாலும் அந்த இடத்து உலோகம் சூடாகும். கூலண்ட்டின் வெப்பநிலை மட்டும் பார்க்கும் சென்சாருக்கு அது தெரியாது. தண்ணீரில் உள்ள கால்சியம், பாஸ்பேட் மருந்தையும் பிடித்துக்கொண்டு படியும், ஆக மருந்தும் வீணாகும். குளோரைடு தனி வேலை செய்யும்: அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகள். பெரிய டீசல் எஞ்சின்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனம் கூலண்ட்டில் கலக்கும் நீருக்குக் கடினத்தன்மை லிட்டருக்கு 170 மில்லிகிராம், குளோரைடு 40 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் போர் தண்ணீர் இந்த வரம்புக்குள் நிற்பது கடினம்.

சேறு எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, மூடியின் அடிப்புறத்தில் ஒட்டியிருப்பதை வழித்து எடுங்கள். இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று செங்காவி போல ஒட்டுவது துரு. வெளுத்து, காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடியாக உதிர்வது உப்புப் படிவு அல்லது அலுமினிய அரிப்பு. வழவழவென்று, நறநறப்பு இல்லாமல், கண்ணாடி போன்ற கூழாக இழுபடுவது சிலிக்கேட். வண்ணக் கலப்பின் மேல் சந்தேகம் வைக்க வேண்டியது அப்போதுதான். நான்காவதாக ஒன்று இருக்கிறது, பயப்பட வேண்டியது அதற்குத்தான்: வெளிர்பழுப்பில் வெண்ணெய் போலத் திரண்டு, விரலில் பிசுபிசுத்து, சோப்புப் போடாமல் போகாதது. அது எண்ணெய். ஆயில் கூலரோ, எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டோ விட்டிருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைத் தாளில் விட்டுக் காயவையுங்கள். எண்ணெய் இருந்தால் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் நிற்கும். நாக்கில் வைத்து இனிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் பட்டறைகளில் இன்னும் உண்டு. எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், அந்த வித்தை வேண்டாம்.

இனி அந்த அரை லிட்டர். வெளிக்கசிவுகள் பெரும்பாலும் தடயம் விட்டுவிட்டுத்தான் போகும். சூட்டில் தண்ணீர் ஆவியாகிச் சாயமும் மருந்தும் காய்ந்து நிற்பதால், ஈரம் இல்லாவிட்டாலும் பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு தெரியும். வாட்டர் பம்பின் அடியில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போனால் திரவம் அதன் வழியாக வெளியேற வேண்டும் என்பதற்காகவே வைத்தது. அதன் கீழே பொருக்கு படிந்திருந்தால் பம்பை மாற்ற வேண்டியதுதான். துளையை எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூலண்ட் பேரிங்குக்குள் போய்ப் பம்பே இறுகிவிடும். அடுத்து, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கூடும் சேரும் மடிப்பு. பிறகு ஹோஸ் கிளாம்புகள். முன்பக்கப் பயணியின் காலடி விரிப்பு ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால், கசிவது காருக்குள் சூடான காற்றுத் தரும் ஹீட்டர் கோர்.

கண்ணுக்கு எதுவும் படாவிட்டால் அழுத்தச் சோதனை. ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியின் மேல் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார், ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் விடுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. இறங்கியும் வெளியே ஒரு சொட்டுகூட இல்லை என்றால் உள்ளே போகிறது. டீசல் வண்டியில் உள்ளே போக இரண்டு வழி முக்கியம்: ஹெட் கேஸ்கெட், எஞ்சினுக்கே திரும்பிப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர். ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒரு ரசாயனச் சோதனை உண்டு. டேங்கின் வாயில் ஒரு குழாயை வைத்து, மேலே வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். காலையில் எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள், இன்னும் சூடேறாமலே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் போல விறைத்தாலும் அதே சந்தேகம்தான். எழுத்தை மட்டும் படித்து உங்கள் ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஊருக்குள் சரி, ஏற்காட்டில் சூடு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான். நெரிசலில் நின்றால் மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, அல்லது ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் அடைத்த தூசியைப் பார்க்க வேண்டும். நின்றால் சரி, பாரம் ஏறினால் சூடு என்றால் ரேடியேட்டரால் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. உள்ளே குழாய்கள் அடைத்திருக்கலாம். இந்தக் குழாய்களின் உள்ளிடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். துருச்சேறு சேர அதுவே போதும். உங்கள் மெக்கானிக் ரேடியேட்டரைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே மலையில் வேறொரு காரணமும் ஒளிந்திருக்கிறது: மூடி. பாதிக்குப் பாதி கூலண்ட், 1.1 பார் மூடி, இரண்டும் சரியாக இருந்தால் சுமார் 129 டிகிரி வரை கொதிக்காது. வெறும் தண்ணீரும் அதே மூடியும் என்றால் 122. ரப்பர் காய்ந்து மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் சேலத்தில் கொதிநிலை 100ஐ ஒட்டி இறங்கிவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். உங்களிடம் இருக்கும் 25 சதவீதக் கிளைக்கால் அதை ஒரு மூன்று டிகிரி உயர்த்தலாம். எஞ்சினின் இயல்பான ஓட்ட வெப்பமே 90 முதல் 95. ஆக, ரேடியேட்டர் குறையில்லாமல் இருந்தாலும், கெட்ட மூடியோடு இருபது கொண்டைஊசி வளைவுகளை ஏறி முடிக்கும்போது கொதிக்க அதற்கு முழு உரிமை உண்டு. மூடி சில நூறு ரூபாய். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். எண் பார்த்து, அதே அழுத்தத்தில்.

கொதிக்கத் தொடங்கியபின் டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள்ளை நம்ப வேண்டாம். அளவு குறைந்து சென்சார் ஆவியில் நின்றால் முள் இறங்கியும் காட்டும். அது ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டியவர்கள்தான் ஹெட்டைப் பெண்டாக்கிக்கொண்டு வருகிறார்கள். பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது ஏற்கெனவே தாமதம்.

ரேடியேட்டர் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: எஞ்சின் நன்றாகச் சூடாகி ஃபேன் ஒருமுறை சுற்றி நின்றபின் எஞ்சினை அணைத்துவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் கூட்டின் மேல் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கத்துக்குச் சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. கையை வைத்துப் பார்ப்பவர்கள் சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்தபின்னும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். இன்னும் உறுதியான வழி, ரேடியேட்டரைக் கழற்றி மேல்வாயில் ஒரு வாளித் தண்ணீரைச் சரேலென்று ஊற்றுவது. ஊற்றும் வேகத்திலேயே கீழே கொட்டினால் கழுவிப் பார்க்கலாம். மேலே தேங்கி நின்று கீழே நூலாக இறங்கினால் கழுவுவது வீண்செலவு. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் தொட்டியைப் பிரித்துக் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்துவிடுவார்கள். அந்தக் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளவற்றில் அது சரிப்படுவதில்லை, குழாய் கிழியும். மாற்றுவதுதான் சிக்கனம்.

கழுவலாம் என்று முடிவானால் வரிசை இது. கசிவைச் சரிசெய்த பிறகுதான் கழுவ வேண்டும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். வீட்டில் மேட்டூர் தண்ணீர் வருகிறதென்றால் முதல் சில அலசல்களுக்கு அது போதும். துரு அதிகம் இருப்பதால் வெறும் நீர் போதாது. அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும், சிட்ரிக் அமில வகை ரேடியேட்டர் கிளீனரை அதன் கேனில் உள்ள அளவிலும் நேரத்திலும் பயன்படுத்துங்கள். பிறகு வடிவது தெளிவாகும்வரை அலச வேண்டும். மிஞ்சும் அமிலம் புதுக் கூலண்ட்டின் மருந்தைத் தின்றுவிடும். கழிப்பறை ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்தை அரித்துவிடும், எவ்வளவு நீர்த்தாலும் வேண்டாம். ரேடியேட்டரைத் தனியாகக் கீழிருந்து மேலாக எதிர்த்திசையில் அலசுவது நல்லது. குழாய்த் தண்ணீரின் அழுத்தம் போதும், கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தால் பிளாஸ்டிக் மடிப்பு பிரியும். எண்ணெய்ச் சேறாக இருந்தால் அமிலம் உதவாது, எண்ணெய் அகற்றும் தனி கிளீனர் வேண்டும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். கடைகளில் பேட்டரி தண்ணீர் என்று விற்பது அதுதான். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ. நீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனால் இரண்டாம் தேர்வுதான்.

துருத்தூள் முழுவதும் ஒரே கழுவலில் வந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். பிளாக்கின் அடிமூலைகளில் தங்கியது பின்னால் மெல்ல வரும். இவ்வளவு சேறு இருந்த வண்டிக்குப் புதுக் கூலண்ட்டை மூன்று மாதத்தில் ஒருமுறை வடித்து மாற்றச் சொல்வது என் வழக்கம். அதற்கு ஆதாரம் என் அனுபவம் மட்டுமே. எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. புது ரேடியேட்டர் போடுவதாக இருந்தால் அதற்கு முன் பிளாக்கைக் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழைய துரு புதுக் குழாயில் போய் உட்காரும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடாமல் விட்டுவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு?" என்பார்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்புறத் தட்டு ஒரு குறுக்குவழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி நிரந்தரமாகத் திறந்துகிடக்கும், சூடான கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சமவெளியில் சரியாக இருப்பது போலத் தெரியும், மலையில் இன்னும் மோசமாகும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கசிவை அடைக்கும் பொடிகளும் அப்படித்தான்: ஓட்டையையும் அடைக்கும், ஏற்கெனவே பாதி அடைத்த குழாய்களையும் அடைக்கும்.

நிரப்பும்போது செய்யும் ஒரு கணக்குப் பிழை பரவலானது. 6 லிட்டர் அமைப்பை வடித்தால் 6 லிட்டரும் வராது. சுமார் 4 வரும். 2 லிட்டர் அலசிய நீர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். அதன்மேல், பாதி தண்ணீர் கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் 4 லிட்டர் ஊற்றினால் உள்ளே இருக்கும் கிளைக்கால் 2 லிட்டர், அதாவது 33 சதவீதம். புதுக் கூலண்ட் போட்ட அன்றே விளிம்பில் நிற்கிறீர்கள். எனவே கழுவிய வண்டிக்குத் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதியை, உங்களுக்கு 3 லிட்டரை, முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். எந்த வகை என்பதை வண்ணம் பார்த்து முடிவு செய்யாமல் கையேட்டில் உள்ள விவரக்குறிப்பைக் கேனின் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜே.ஐ.எஸ். கே 2234, ஐ.எஸ். 5759 போன்ற தர எண்ணும், கிளைக்கால் சதவீதமும் எழுதப்படாத கேன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சாயம் போட்ட தண்ணீரும் பச்சையாகத்தான் இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டால் கிளைக்கால் அளவு தெரிந்துவிடும். மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அது காட்டாது. பழைய கூலண்ட் 50 சதவீதம் காட்டினாலும் அமிலமாகியிருக்கலாம், அதற்குப் பி.எச். தாள், 7க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வழியில் அளவு குறைந்தால் தண்ணீரே ஊற்றக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த அளவோடு ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, மூடியைத் துணிபோட்டு மெதுவாகத் திறந்து, கையில் இருக்கும் குடிநீர் பாட்டிலை ஊற்றுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவசரம் வேண்டாம். எஞ்சின் கொதிக்கும்போது குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விடலாம். ஒருமுறை தண்ணீர் ஊற்றியதால் எதுவும் கெடாது, வீடு வந்ததும் சதவீதத்தைச் சரிசெய்தால் போதும்.

ஏற்காட்டில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் சூடேறியது என்று நீங்கள் எழுதவில்லை. முள் சிவப்பைத் தொட்டு ஓரிரு நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆவி பறக்க ஓட்டியிருந்தால் ஹெட்டைக் கழற்றி நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டிவரலாம், 0.05 மில்லிமீட்டர் வளைந்திருந்தாலே பல எஞ்சின்களுக்கு அது வரம்பு. நீலத் திரவச் சோதனை சரியாக வந்தால் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

வடித்த பழைய கூலண்ட்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் குடித்துவிடும், கொஞ்சமே போதும் சாவதற்கு. மூடி போட்ட கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள்.

நிரப்பி முடித்தபின் டேங்கில் ஆறிய நிலையில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்கும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் வருவது அது, அதே கலவையால் நிரப்பிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் டேப்புக்குக் கீழே போனால் கசிவு இன்னும் அடைபடவில்லை. கேனை எடுக்காமல் வண்டியை அழுத்தச் சோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.